தடை தீர்வல்ல, விலை பேசுவதே தீர்வு

டிக்கெட் கையில் இருந்தும் விமானத்தில் ஏற்றாமல் யாரையாவது திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் ஒரே குரல்தான் எழுகிறது. ‘ஒரு தியேட்டரில் ஒரே நாற்காலியை இரண்டு பேருக்கு விற்றால் போலீஸ் வரும். விமானக் கம்பெனி விற்றால் மட்டும் அது எப்படி வியாபாரம் ஆகும்? ஓவர்புக்கிங்கை அடியோடு தடை செய்.’ தொலைக்காட்சி விவாதத்திலும் அலுவலக உணவு நேரத்திலும் இதற்கு மறுபேச்சு கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோபம் தவறான இடத்தில் போய் விழுகிறது என்பது என் உறுதியான கருத்து. இருக்கைக்கு மேல் விற்பதால் பயணிக்குப் பெரிய கேடு வருவதில்லை. விற்றபின் ஆள் மிகும்போது, யார் இறங்குவது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் அநியாயம் நடக்கிறது. தடை வேண்டும் என்று முழங்கிக்கொண்டே, சட்டம் ஏற்கெனவே நமக்குக் கொடுத்திருக்கும் உரிமையைக் கவுன்டரில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

முதலில் தியேட்டர் உவமையைப் பார்த்துவிடுவோம். படத்துக்கு டிக்கெட் எடுத்தவர் வராமல் போவது அரிது. விமானத்தில் அது அன்றாடம். இணைப்பு விமானம் தாமதமாகிறது, கூட்டம் ரத்தாகிறது, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வருகிறது, பாலத்தில் போக்குவரத்து நிற்கிறது. ஒரு கணக்குக்காக 180 இருக்கை உள்ள விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 100 பேரில் 5 பேர் வராமல் போவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 184 டிக்கெட் விற்கிறது. வந்து நிற்பவர்கள் 180-ஐத் தாண்ட வேண்டுமானால், வராதவர்கள் மூன்று பேரோ அதற்கும் குறைவோ ஆக வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயணம் செய்பவர் என்று கொண்டால், அது நடப்பது ஏறத்தாழ 60 பயணத்துக்கு ஒரு முறை. அந்த ஒரு முறையிலும் பெரும்பாலும் மிகுவது ஒரே ஒருவர். குடும்பமாகவும் கல்யாண கோஷ்டியாகவும் சேர்ந்து வருபவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைப்பார்கள். அப்போதும் மிகுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்ற 59 பயணத்திலும் காலியாகப் பறந்திருக்கக்கூடிய இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்து போகிறார். அவர் கடைசி நேரத்தில் சாவு வீட்டுக்குக் கிளம்பியவராகவும் இருக்கலாம். தடை வந்தால் முதலில் ‘இடமில்லை’ என்ற பதிலைக் கேட்கப்போகிறவர் அவர்தான்.

இதற்கு எதிர்த்தரப்பு வைக்கும் வலுவான கேள்வி ஒன்று உண்டு. ‘வராதவர் பணம் கட்டிவிட்டார். பல டிக்கெட்டுகளில் அவருக்கு அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைப்பதும் இல்லை. பிறகு அந்த இருக்கையை இன்னொரு முறை விற்பது இரட்டை லாபம் இல்லையா?’ ஆம், அந்த டிக்கெட்டுகளைப் பொறுத்தவரை இரட்டை லாபம்தான். இதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இதிலிருந்து தடைதான் வழி என்று வருவதில்லை. 59 முறை இரண்டு தடவை சம்பாதித்த கம்பெனிக்கு, அறுபதாவது முறை ஒருவருக்குத் தாராளமாகப் பணம் கொடுக்க வசதி இருக்கிறது என்றே வருகிறது. கேட்டில் நிற்கும்போது இதை மறக்கக் கூடாது. அங்கே பயணி கேட்பது சலுகை இல்லை. கம்பெனி தெரிந்தே எடுத்த ஓர் ஆபத்தின் விலையைக் கேட்கிறார்.

தடை போட்டாலும் இந்தத் தொல்லை தீராது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய விமானம் பழுதாகி அதற்குப் பதில் சிறியது வந்து நின்றால், ஒரு டிக்கெட்கூட அதிகம் விற்காத பயணத்திலும் 30, 40 பேர் வெளியே நிற்பார்கள். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களில், வெப்பமும் ஓடுபாதையின் நீளமும் எடையைக் கட்டுப்படுத்தும் நாட்களில், இருக்கை இருந்தும் ஆள் குறைக்க நேரும். இன்னோர் ஊரில் காத்திருக்கும் விமானத்தை ஓட்ட ஊழியர்களை அனுப்பவும் இடம் தேவைப்படும். உலகமே பார்த்து அதிர்ந்த 2017 ஏப்ரல் 9 சம்பவம் இந்தக் கடைசி வகைதான். சிகாகோவிலிருந்து லூயிவில் போகவிருந்த யுனைடெட் விமானத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு நான்கு ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். இறங்குபவருக்கு 400 டாலர் என்றார்கள், பிறகு 800 என்றார்கள். யாரும் எழவில்லை. அதோடு ஏலத்தை நிறுத்திவிட்டு நான்கு பேரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மறுத்த மருத்துவர் ஒருவரை முகத்தில் ரத்தம் வழிய இழுத்துச் சென்றார்கள். அன்று ஓவர்புக்கிங்கைச் சட்டம் தடுத்திருந்தாலும் அந்த நான்கு ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டே இருக்கும். 1,200 என்றோ 1,500 என்றோ ஏலத்தைத் தொடர்ந்திருந்தால் யாராவது எழுந்திருப்பார்கள். அந்தக் கம்பெனியே மாதம் முடிவதற்குள் அதிகபட்சத் தொகையை 10,000 டாலராக உயர்த்தியது. தன் தவறு எங்கே நடந்தது என்று அதற்குப் புரிந்திருந்தது.

இந்த ஏல யோசனை புதியதும் இல்லை. பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1968-லேயே இதை எழுதினார். கம்பெனி ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, எந்தத் தொகைக்கு இறங்கச் சம்மதம் என்று பயணிகளையே கேட்டு, குறைவாகக் கேட்டவருக்கு அதைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றார். விமானக் கம்பெனிகள் நடைமுறைக்கு உதவாது என்று ஒதுக்கின. அதுவரை முதியவர்கள், ராணுவத்தினர் போன்ற எதிர்த்துப் பேசாதவர்களைப் பார்த்து இறக்கிவிடுவதாக அமெரிக்காவில் குற்றச்சாட்டு இருந்தது. பத்தாண்டு கழித்து, ஆல்ஃபிரட் கான் தலைமையில் இருந்த அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம், முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்டாக வேண்டும் என்று விதி செய்தது. அதற்குப் பிறகு அங்கே இடம் இழந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தாங்களாகவே பணம் வாங்கிக்கொண்டு விலகியவர்கள். ஓவர்புக்கிங் நிற்கவில்லை. அதனால் அழுதவர்களின் எண்ணிக்கைதான் குறைந்தது.

இனி நம் நாட்டு விதிக்கு வருவோம். தடை கேட்பவர்களில் பெரும்பாலோர் இதைப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2010-ல் வெளியிட்டு, பிறகு திருத்திய விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தேவைகள், பிரிவு 3, தொடர் எம், பகுதி 4 என்பது அதன் அடையாளம். உறுதிசெய்த டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவர்கள் இருக்கையைவிட அதிகமாக இருந்தால், கம்பெனி முதலில் வாலண்டியர்களைக் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. விருப்பத்துக்கு மாறாக ஒருவரை நிறுத்தினால், முதலில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் இடம் கொடுத்தால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் கிளம்பும் விமானம் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் இருமடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் பிந்தினால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்று பயணி சொன்னால், டிக்கெட் பணம் முழுவதும் திரும்பி வர வேண்டும், அதோடு நான்கு மடங்கு இழப்பீடும், அதே 20,000 உச்சவரம்புக்குள்.

கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள். கவுன்டரில் இதைத் தானாக முன்வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இது என்ன வித்தியாசம் செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். சென்னையிலிருந்து தில்லிக்கு மாலை 6 மணி விமானம். ஒருவர் மிகுதி. கல்லூரி முடித்த ஒரு பெண் இரண்டு மாதம் முன்பு 3,900 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் 2,600. மீதி வரியும் விமான நிலையக் கட்டணங்களும். மறுநாள் காலை 9 மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. அதே வரிசையில் நிற்கும் வியாபாரி நேற்றுத்தான் டிக்கெட் எடுத்தார். அவருடைய அடிப்படைக் கட்டணம் 9,000. அவருக்கு நாளை மதியம் போய்ச் சேர்ந்தாலும் போதும்.

கம்பெனி மறுநாள் காலை 6 மணி விமானத்தில் இடம் தருவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணை நிறுத்தினால் இழப்பீடு 5,200. வியாபாரியை நிறுத்தினால் 18,000 வரவேண்டியது, உச்சவரம்பால் 10,000. ஆக, கம்பெனியின் கணக்கில் மலிவாக இறக்கிவிடக்கூடியவள் அந்தப் பெண். முன்கூட்டியே திட்டமிட்டு, காசு பார்த்து, மலிவாக டிக்கெட் எடுத்தவளின் தலையில்தான் கல் விழும். இழப்பீட்டைக் கட்டணத்தோடு முடிச்சுப்போட்டதால் வந்த வினை இது. விலை கேட்டிருந்தால் நடப்பது வேறு. 4,000-க்கு யாரும் வரவில்லை, 6,000 என்றதும் வியாபாரி கை தூக்குகிறார். அவருக்குப் பணம், அவளுக்குப் பயணம், கம்பெனிக்கு 800 ரூபாய் கூடுதல் செலவு. இந்த 800 ரூபாயை மிச்சம் பிடிக்கவே ஒருத்தியின் வேலை வாய்ப்பு பலியாகிறது.

அவளை நிறுத்தியே விட்டார்கள் என்று கொள்வோம். மறுநாள் 6 மணி விமானம் தில்லியில் தரையிறங்கும்போது காலை ஒன்பதை நெருங்கிவிடும். அந்த விமானம் அவளுக்குப் பயன்படாது. அப்போது அவள் கேட்க வேண்டியது 5,200 அல்ல. ‘மாற்று விமானம் வேண்டாம், முழுப் பணமும் நான்கு மடங்கு இழப்பீடும் கொடுங்கள்’ என்று கேட்டால் 3,900-உம் 10,400-உம் சேர்ந்து 14,300 ரூபாய் அவளுக்கு உரியது. அன்றிரவே கிளம்பும் வேறு கம்பெனி விமானத்தில் இடம் இருந்தால், அந்தத் தொகையை நம்பி அவள் டிக்கெட் எடுக்கலாம். கையில் உடனே அவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்தக் குறையை விதி தீர்க்கவில்லை. ஆனாலும் இந்த வழி தெரியாததால், வந்த மட்டும் லாபம் என்று 3,000 ரூபாய் வவுச்சரோடு வீடு திரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வவுச்சர் எப்படிக் கைக்கு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘சார், விமானம் ஃபுல். அடுத்த விமானத்தில் போட்டுத் தரட்டுமா? ஒரு வவுச்சரும் தருகிறோம்’ என்று மென்மையாகக் கேட்பார்கள். தலையசைத்தால் ஒரு படிவம் நீளும். அதில் பயணி தன் விருப்பத்தின் பேரில் பயணத்தை மாற்றிக்கொள்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கையெழுத்து விழுந்த நொடியில் நீங்கள் நிறுத்தப்பட்டவர் அல்ல, விலகியவர் ஆகிவிடுகிறீர்கள். நிறுத்தப்பட்டவருக்குத்தான் இருமடங்கும் நான்கு மடங்கும். விலகியவருக்கு எவ்வளவு என்பதை விதி கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இந்த இடைவெளிதான் விதியின் பெரிய ஓட்டை. தடை கேட்டு எழும் குரல்களில் பாதி இதை அடைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

ஆகவே கேட்டில் முதல் கேள்வி, ‘நீங்கள் என்னை நிறுத்துகிறீர்களா, அல்லது நானாக விலகச் சொல்கிறீர்களா?’ என்பதுதான். இதைக் கோபமில்லாமல், நிதானமாகக் கேட்க வேண்டும். எதிரே நிற்கும் ஊழியர் இந்தக் கொள்கையை எழுதியவர் இல்லை, அவர் மேல் பாய்வதில் பயனும் இல்லை. நிறுத்துகிறார்கள் என்றால், வாலண்டியர் கேட்டு அறிவிப்புச் செய்தீர்களா என்று கேளுங்கள். பிறகு நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தாளில் தர மறுத்தால் மின்னஞ்சலில், அதுவும் மறுத்தால் பணி மேலாளரை அழைக்கச் சொல்லி, அவர் முன்னால் நீங்களே கம்பெனியின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிடுங்கள்: இன்ன விமானம், இன்ன நேரம் கவுன்டருக்கு வந்தேன், ஏற்ற மறுத்தார்கள், இன்ன காரணம் சொன்னார்கள். அந்த நேர முத்திரை பிறகு சாட்சி ஆகும்.

சாட்சியை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் புகார் எழுந்தால் கம்பெனி சொல்வதற்கு எளிதான பதில், பயணி தாமதமாக வந்தார் என்பது. நேரத்துக்கு வந்தவருக்குத்தான் விதியின் பாதுகாப்பு. எனவே வெப் செக்-இன் செய்திருந்தால் அதன் திரைப்பதிவு, பெட்டி ஒட்டுச்சீட்டு, வரிசையில் நின்றபோது எடுத்த படம், எதுவானாலும் வைத்திருங்கள். வெப் செக்-இன்னில் இருக்கை எண் வராமல் கவுன்டரில் பெற்றுக்கொள்ளச் சொன்னால், அன்று நெருக்கடி இருக்கலாம் என்று கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.

விலகத் தயார் என்றாலும் முதல் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணத்தைப் பார்த்து இருமடங்கைக் கணக்குப் போடுங்கள். அதற்குக் கீழே வாங்கிக்கொண்டு விலகுவது, கட்டாயமாக நிறுத்தினால் கிடைப்பதைவிடக் குறைவாக வாங்குவது. பணமாகக் கேளுங்கள். வவுச்சர்தான் என்றால் எத்தனை மாதம் செல்லும், வேறொருவர் பெயரில் பயன்படுமா, வரிக்கும் கழியுமா என்பதை எழுதி வாங்குங்கள். மாற்று விமானத்தில் இடம் உறுதியா, காத்திருப்புப் பட்டியலா என்பது தொகையைவிட முக்கியம். காத்திருப்பு என்றால் அங்கேயும் நீங்களே நிறுத்தப்படலாம். இரவு தங்க அறையும் சாப்பாடும் போய்வர வண்டியும் பேரத்தின் பகுதியாகட்டும். இவை எல்லாம் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டியவை.

பேசியும் மறுத்தால், அங்கேயே சண்டை போடுவதைவிட வீட்டுக்கு வந்து எழுதுவது பலன் தரும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, அடுத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. இரண்டாண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. 10,000, 20,000 என்ற வரம்பு டிஜிசிஏ விதியின் வரம்பு மட்டும்தான். அதற்கு மேலான உண்மை நஷ்டத்தைப் பயணி தனியே வழக்காடிக் கேட்பதை அது தடுக்காது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. விதி வெறும் தாளில் இருப்பதும் இல்லை. 2022 ஜூனில், டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்து இழப்பீடும் தராததற்காக டிஜிசிஏ ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

இதே சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி விமானத்தில் உங்களை நிறுத்தினால், அந்த நாட்டு விதிப்படி 520 பவுண்டு வரை உரிமை உண்டு. ஐரோப்பியக் கம்பெனியில் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போகிறீர்கள் என்றால் 600 யூரோ வரை. மாற்று விமானம் அதிகம் தாமதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாதியாகும். அங்கே கணக்கு தூரத்தை வைத்து, நீங்கள் எவ்வளவு மலிவாக டிக்கெட் எடுத்தீர்கள் என்பதை வைத்து அல்ல. 2004-ல் இயற்றிய அந்த ஐரோப்பிய விதியும் ஓவர்புக்கிங்கைத் தடை செய்யவில்லை. விலகச் சம்மதிப்பவரை முதலில் தேடு, கிடைக்காவிட்டால் இந்தத் தொகையைக் கொடு என்றுதான் சொல்கிறது. வவுச்சராகத் தர வேண்டுமானால் பயணியின் கையெழுத்துள்ள சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது.

எனவே கேட்பதை மாற்றிக் கேட்போம். விலகுபவருக்குக் கொடுக்கும் தொகை, நிறுத்தப்பட்டவருக்கு உரியதைவிடக் குறையக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர வேண்டும். கையெழுத்து வாங்கும் முன், அவருக்கு உள்ள உரிமையை அவருக்குத் தெரிந்த மொழியில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும், சென்னையிலும் மதுரையிலும் அது தமிழில் இருக்க வேண்டும். இழப்பீட்டை டிக்கெட் விலையிலிருந்து பிரித்து, காக்கவைத்த நேரத்தோடும் தூரத்தோடும் சேர்க்க வேண்டும். 2016-லிருந்து அசையாமல் இருக்கும் 10,000, 20,000 வரம்புகளை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் மாதந்தோறும் எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்பதைத் தனித்தனியாக வெளியிட வேண்டும்.